குவிந்து கிடக்கும் கேள்விகளைக் குழு பிரித்து வரிசைப்படுத்துவது எப்படி? இபிஎஃப் கேள்வி பதில் தொகுப்பை வைத்து ஒரு முழு வழிகாட்டி

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை உதவி மேசையில் உட்கார்ந்தால் பெரும்பாலும் இபிஎஃப், அதாவது மலேசிய ஊழியர் சேமநிதி பற்றிய கேள்விதான் வரும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள், செம்பனை ஆலைக்குப் புதிதாகப் போன பிள்ளைகள், 55 வயதை நெருங்கும் அக்காமார் என எல்லோரும் கேட்பார்கள். மேசைக்கு வர முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். அந்தக் கேள்விகளும் அவசரத்தில் நாம் கொடுத்த பதில்களும் சேர்ந்து நூற்றுக்கணக்கில் குவிந்துவிடும். அந்தக் குவியலை, ஒருவர் போனில் திறந்து தன் கேள்வியைக் கண்டுபிடித்து, பதிலைப் படித்துவிட்டுப் போகும் தொகுப்பாக மாற்றும் வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு உட்காரும் புதியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முதலில் தலைப்புகளை எழுதிவிட்டு, அப்புறம் கேள்விகளை அதற்குள் திணிக்கிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பதிலை எழுதி முடிக்காமல் எந்தக் கேள்வி அடிப்படை, எந்தக் கேள்வி ஆழமானது என்று சொல்லவே முடியாது. கீழே உள்ள படிகளின் வரிசை இந்தக் காரணத்தால் அமைந்ததுதான், அதை மாற்ற வேண்டாம்.

## 1. தொடங்கும் முன் தேவைப்படுபவை

ஒரு விரிதாள் போதும். கூகள் ஷீட்ஸ் இருந்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். அதில் ஏழு நெடுவரிசைகள் வேண்டும்: எண், வந்த கேள்வி, உண்மையில் கேட்பது, பதில், முன்தேவை, குழு, சரிபார்த்த தேதி. "முன்தேவை" எதற்கு என்று ஏழாவது படியில் வரும், இப்போதைக்குக் காலியாக இருக்கட்டும்.

அடுத்தது, இபிஎஃப்பின் அதிகாரபூர்வ விளக்கங்களை மலாயிலோ ஆங்கிலத்திலோ பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்ன பதிலை இன்னொருவர் நகலெடுத்து, அதை மூன்றாமவர் சுருக்கியிருப்பார். குவியலில் உள்ள பதில் எதையும் அப்படியே நம்பி எடுக்கக்கூடாது. அதிலிருந்து நமக்கு வேண்டியது கேள்வி மட்டும்தான்.

கடைசியாக, இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு வரியில் எழுதி தாளின் உச்சியில் ஒட்டி வையுங்கள். எங்கள் தாளில் இருப்பது: "60 வயதுக்குக் கீழே, மாதச் சம்பளம் வாங்குபவர், போனில் தமிழ் படிப்பவர்." பின்னால் ஒரு பதிலில் எதை விடுவது, எதை வைப்பது என்று வாக்குவாதம் வரும்போது இந்த ஒரு வரி தீர்த்து வைக்கும்.

## 2. கேள்விகளைத் திருத்தாமல் இறக்குங்கள்

ஒரு வரிசைக்கு ஒரு கேள்வி. எழுத்துப்பிழை, பேச்சு வழக்கு, கலப்பு மொழி எல்லாம் அப்படியே இருக்கட்டும். "அண்ணே, அகாவுன் 3ல காசே இல்லையே ஏன்?" என்று வந்திருந்தால் அப்படியேதான் ஏற வேண்டும். மக்கள் பயன்படுத்தும் சொல் நமக்குப் பின்னால் தலைப்பாகவும் தேடுசொல்லாகவும் உதவும். இப்போதே திருத்தினால் அது தொலைந்துவிடும்.

ஒரே செய்தியில் இரண்டு மூன்று கேள்விகள் இருந்தால் பிரித்துவிடுங்கள். "50 வயசுல எவ்வளவு எடுக்கலாம், வீடு வாங்க எடுத்திருந்தா மறுபடி எடுக்கலாமா?" என்பது இரண்டு வரிசை. குரல் பதிவுகளைக் கேட்டு, கேள்வி வரும் இடத்தை மட்டும் எழுதினால் போதும், முன்கதை வேண்டாம்.

இறக்கும்போதே பெயர், மைகார்ட் எண், போன் எண், சம்பளச் சீட்டின் படம் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் தெரியும் என்பதால் மைகார்ட் எண்ணைக் கூச்சமில்லாமல் குழுவில் போட்டுவிடுகிறார்கள். அது இந்தத் தாளுக்கு வந்துவிட்டால் பின்னால் எத்தனை பேர் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

## 3. ஒரே பதிலில் அடங்கினால்தான் ஒரே கேள்வி

இரட்டைக் கேள்விகளை இணைப்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். சொற்கள் ஒத்திருந்தால் ஒரே கேள்வி என்று எடுத்துக்கொள்கிறார்கள். சோதிக்க வேண்டியது சொல்லை அல்ல, பதிலை: ஒரு சொல்கூட மாற்றாத ஒரே பதில் இரண்டு பேருக்கும் போதுமா? போதும் என்றால் இணையுங்கள்.

"அகாவுன் 3ல காசே இல்லையே" என்பதும் "ஃபிளெக்சிபலில் சைபர் காட்டுது" என்பதும் சொல்லளவில் வேறு, ஆனால் இரண்டும் எப்போது வேண்டுமானாலும் காசு எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கைப் பற்றியவை, பதில் ஒன்று. இவற்றை இணைக்கலாம். ஆனால் இணைத்த பிறகும் பழைய வரிசைகளை அழிக்காதீர்கள், எண்ணை மட்டும் ஒன்றாக்குங்கள். கடைசிப் படியில் அந்தப் பழைய வரிகள் மறுபடி தேவைப்படும்.

இதற்கு எதிர்ப்பக்கம்தான் ஆபத்தானது. "ஆப்ல காசு காணோம்" என்ற கேள்வி எத்தனை முறை வந்ததோ, அத்தனையும் ஒரே கேள்வி போலத் தெரியும். எங்கள் மேசையில் அதைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தால் மூன்று வகை ஆட்கள் வந்தார்கள். ஒருவருக்கு முதலாளி மாதப் பங்கைக் கட்டவே இல்லை. இன்னொருவருக்குக் கட்ட வேண்டிய கெடுவே இன்னும் வரவில்லை. மூன்றாமவர் ஃபிளெக்சிபல் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு அதுதான் மொத்தச் சேமிப்பு என்று நினைத்துவிட்டார். ஒரு கேள்விக்குப் பின்னால் மூன்று பதில்கள் இருந்தால் அதை மூன்றாகப் பிரித்து "உண்மையில் கேட்பது" நெடுவரிசையில் எழுதுங்கள். இணைத்துவிட்டால் "அது உங்கள் நிலைமையைப் பொறுத்தது" என்ற பதிலைத்தான் எழுத வேண்டியிருக்கும். அப்படி ஒரு பதில் யாருக்கும் உதவாது.

## 4. தொகுப்பில் சேராதவற்றை ஒதுக்குங்கள்

ஒருவருடைய கோப்பைத் திறந்து பார்த்தால் மட்டுமே சொல்லக்கூடிய கேள்விகள் இருக்கும். "அப்பா இறந்துட்டாரு, எங்க மூணு பேர்ல யாருக்கு எவ்வளவு வரும்?" என்பது அப்படிப்பட்டது. அதற்குத் தொகுப்பில் பொதுவாக எழுதினால் தவறாகப் புரிந்துகொள்வார்கள். "நேரில் வாருங்கள்" பட்டியலில் போடுங்கள்.

காலாவதியானவற்றை மட்டும் முழுதாகத் தூக்கிவிடாதீர்கள். பெருந்தொற்றுக் காலத்து ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா ஆகிய காசு எடுக்கும் திட்டங்கள் முடிந்து வருடங்கள் ஆகின்றன. இரண்டாவது கணக்கான அகாவுன் செஜாத்ராவிலிருந்து ஃபிளெக்சிபலுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் 2024 ஆகஸ்ட் 31 அன்று முடிந்தது. ஆனாலும் கேள்வி இன்னும் வருகிறது. "முடிந்துவிட்டது, இப்போது விண்ணப்பிக்க முடியாது" என்று ஒரே வரியில் பதில் வையுங்கள். கேள்வியே இல்லாவிட்டால் அவர் தேடிக்கொண்டே இருப்பார், இல்லையென்றால் "நான் எடுத்துத் தருகிறேன்" என்று காசு கேட்கும் ஆளிடம் போவார்.

## 5. வரிசைக்கு முன்னால் பதில்

இப்போது ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதுங்கள். வடிவம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். முதல் வரி நேர்ப்பதில்: ஆம், இல்லை, ஒரு தொகை, ஒரு தேதி, அல்லது ஒரு செயல். இரண்டாவது வரி, அது யாருக்கு, எப்போது பொருந்தும் என்ற நிபந்தனை. மூன்றாவது வரி, அடுத்து செய்ய வேண்டியது. சின்னப் போனில் விரலால் தள்ளாமல் முழுப் பதிலும் தெரிய வேண்டும். தமிழில் சுமார் 40 சொற்களுக்கு மேல் போனால் பெரும்பாலும் அதற்குள் இரண்டாவது கேள்வி ஒன்று ஒளிந்திருக்கும், பிரித்துவிடுங்கள்.

ஒன்றை முழுதாகச் செய்து பார்ப்போம். ஆலையில் சேர்ந்து முதல் மாதப் பங்கு வந்த ஒரு பையன் கேட்டது: "அண்ணே, ஃபிளெக்சிபல்ல 40.80 காட்டுது. எப்ப வேணா எடுக்கலாம்னாங்க, ஆனா எடுக்க முடியல."

வாட்ஸ்அப் குழுவில் அவனுக்குக் கிடைத்த பதில் இது: "2024 மே 11 முதல் இபிஎஃப் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. அதில் ஃபிளெக்சிபல் என்பது உறுப்பினர்கள் அவசரத் தேவைகளுக்குப் பயன்படுத்த உருவாக்கப்பட்டது. பத்து விழுக்காடு அதில் சேரும். சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு எந்நேரமும் எடுக்கலாம்." சொன்ன எதுவும் தவறில்லை. அவன் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

தொகுப்பில் அது இப்படி மாறியது:

ஃபிளெக்சிபலில் காசு இருந்தும் எடுக்க முடியவில்லையே, ஏன்?
50 வெள்ளிக்குக் குறைவாக எடுக்க முடியாது. 1,700 வெள்ளி சம்பளத்துக்கு மாதம் 40.80 வெள்ளிதான் அதில் சேரும். அடுத்த மாதப் பங்கு வந்ததும் 81.60 ஆகும், அப்போது எடுக்கலாம்.

அந்த 40.80 எப்படி வந்தது என்று இந்தப் பதிலில் எழுதக்கூடாது. அது வேறு ஒரு கேள்வி: "மாதம் எவ்வளவு பிடிக்கிறார்கள், எந்தக் கணக்குக்கு எவ்வளவு போகிறது?" தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி. சம்பளம் 5,000 வெள்ளிக்குள் என்றால் முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. மொத்தம் 408. அதில் 75 விழுக்காடான 306 வெள்ளி அகாவுன் பெர்சாராஆனுக்கு, 15 விழுக்காடான 61.20 அகாவுன் செஜாத்ராவுக்கு, 10 விழுக்காடான 40.80 ஃபிளெக்சிபலுக்கு. உண்மையான ஒரு சம்பளத்தை வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டினால் விழுக்காடு புரியாதவருக்கும் புரியும். தோட்டப் பக்கத்தில் அதற்கு 1,700 வெள்ளி பொருத்தமான எடுத்துக்காட்டு, இப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் அதுதான்.

திரையில் தெரியும் பெயர்களைப் பதிலில் ஒருமுறையாவது திரையில் உள்ளபடியே எழுதுங்கள்: Akaun Persaraan, Akaun Sejahtera, Akaun Fleksibel. தமிழில் படித்துவிட்டு KWSP i-Akaun செயலியைத் திறப்பவர் அந்த எழுத்தைத்தான் தேடுவார்.

தடித்த எழுத்து முதல் வரிக்கு மட்டும்தான். பதில் முழுவதும் அங்கங்கே தடித்திருந்தால் கண் எங்கேயும் நிற்காது. "நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்ற தொடரை எங்கே பார்த்தாலும் அடித்துவிட்டு, அந்த நிபந்தனை என்னவோ அதை எழுதுங்கள்.

## 6. எந்த நிலையில் வருகிறார் என்று பார்த்துக் குழு பிரியுங்கள்

அலுவலகம் பிரிப்பது போல "பங்களிப்பு", "மீட்பு", "உறுப்பினர் சேவை" என்று பிரித்தால் வீட்டில் இருப்பவருக்குத் தன் கேள்வி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாது. கேட்க வருபவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை வைத்துப் பிரியுங்கள். எங்கள் குவியல் ஐந்து குழுக்களாகப் பிரிந்தது:

- என் காசு எங்கே, எவ்வளவு சேருது?
- ஆப்பில் எப்படிப் பார்ப்பது?
- முதலாளி கட்டவில்லை போலிருக்கிறது
- 55 வயதுக்கு முன்னால் எடுக்க வேண்டும்
- 55 ஆகப்போகிறது, அல்லது ஆகிவிட்டது

தலைப்பைக் கேட்பவர் பேசுவது போலவே வையுங்கள். ஒரு குழுவில் எட்டு கேள்விக்கு மேல் போனால் இரண்டாகப் பிரிக்க முடியுமா பாருங்கள். ஒரே ஒரு கேள்வி மட்டும் இருந்தால் அது வேறு குழுவைச் சேர்ந்தது.

"மற்றவை" என்று ஒரு குழு வைக்கக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அங்கே போகும் கேள்வியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. போன் எண் மாறிவிட்டது, கடவுச்சொல் மறந்துவிட்டது போன்றவற்றைத்தான் வழக்கமாக அங்கே போடுவார்கள். ஆனால் அவை "ஆப்பில் எப்படிப் பார்ப்பது" குழுவின் தொடக்கத்தில் இருக்க வேண்டியவை. உள்ளேயே போக முடியாதவருக்கு மற்ற பதில்கள் எதுவும் பயன்படாது.

## 7. அடிப்படையிலிருந்து ஆழத்துக்கு: "முன்தேவை" நெடுவரிசை

எது எளிது, எது கடினம் என்று மனதில் தோன்றுவதை வைத்து வரிசைப்படுத்தினால் நாலு பேர் நாலு வரிசை தருவார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு பதிலையும் படித்து, விளக்கம் இல்லாமல் வரும் சொற்களை அடிக்கோடிடுங்கள். அந்தச் சொல்லை விளக்கும் கேள்வி எதுவோ அதன் எண்ணை "முன்தேவை" நெடுவரிசையில் எழுதுங்கள். அப்புறம் விதி ஒன்றே ஒன்று: முன்தேவையாக உள்ள கேள்வி எப்போதும் மேலே இருக்க வேண்டும்.

"50 வயசுல எவ்வளவு எடுக்கலாம்?" என்ற கேள்வியை எடுங்கள். பதில்: "அகாவுன் செஜாத்ராவில் உள்ளது முழுவதையும் எடுக்கலாம்." செஜாத்ரா என்றால் என்ன? அதை விளக்குவது மூன்று கணக்குகளைப் பற்றிய கேள்வி. ஆகவே அது மேலே போகும். "55க்கு அப்புறமும் வேலை செஞ்சா காசு எங்க போகும்?" என்பதற்குப் பதில் அகாவுன் எமாஸ், அதை 60 வயதில் எடுக்கலாம். இது புரிய, 55 வயதில் மூன்று கணக்குகளும் அகாவுன் 55 என்ற ஒன்றாகச் சேர்கின்றன என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். இப்படி எண்களைப் போட்டுக்கொண்டே வந்தால் வரிசை தானாக அமையும், வாக்குவாதமும் வராது.

இந்தப் படியில் ஒரு விஷயம் வெளியே வரும். எல்லோருக்கும் முன்தேவையாக இருக்கும் கேள்வியைக் குவியலில் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். "மூன்று கணக்கு என்னென்ன?" என்று எங்களிடம் ஒருவரும் கேட்டதில்லை. தெரிந்தவருக்குக் கேட்கத் தேவையில்லை, தெரியாதவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதை நீங்களே எழுதி முதல் இடத்தில் வைக்க வேண்டும். குவியலில் வந்ததை மட்டும் வைத்துத் தொகுத்தால் அடித்தளம் இல்லாமல் போய்விடும்.

சில நேரம் இரண்டு பதில்கள் ஒன்றையொன்று முன்தேவையாகக் காட்டும். "ஆப்ல காசு காணோம்" என்பதற்கு "முதலாளி கட்டாமல் இருக்கலாம்" என்று பதில் சொல்லி அந்தக் கேள்விக்கு அனுப்பினோம். "முதலாளி கட்டுகிறாரா எப்படித் தெரியும்?" என்பதற்கு "ஆப்பில் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பினோம். இப்படி வட்டம் போட்டால் நடுவில் ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது என்று பொருள். இங்கே விடுபட்டது: "எந்த மாதப் பங்கு எப்போது கணக்கில் வர வேண்டும்?"

அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி கட்ட வேண்டும். மே மாதச் சம்பளத்தின் பங்கு ஜூன் 15க்குள். அந்தத் தேதி தாண்டியும் ஆப்பின் மாதவாரி விவரத்தில் இல்லையென்றால் சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு இபிஎஃப்பில் புகார் செய்யலாம்.

இதை எழுதி முன்னால் வைத்ததும் வட்டம் உடைந்தது. ஜூன் 5ஆம் தேதி பதறி வருபவருக்கும், மூன்று மாதமாகப் பங்கு வராதவருக்கும் தனித்தனி வழி கிடைத்தது.

ஒரே மட்டத்தில் இரண்டு கேள்விகள் இருந்தால் அதிகம் கேட்கப்பட்டது முன்னால். இந்த விதியெல்லாம் குழுவுக்குள் மட்டும்தான். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாத முதலாளியைப் பற்றிக் கேட்க வருபவர் மூன்று கணக்கின் விளக்கத்தைத் தாண்டி வர வேண்டியதில்லை. அதனால் ஐந்து குழுத் தலைப்புகளும் பக்கத்தின் உச்சியில், நேராகத் தாவும்படி இருக்க வேண்டும்.

இன்னொன்று. வரிசை சரியாக இருந்தாலும் நம் ஆட்கள் ஒரு பதிலை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுத்தவருக்கு அனுப்புவார்கள். ஆகவே "மேலே 3ஆம் கேள்வியைப் பார்க்கவும்" என்று எழுதாதீர்கள். கணக்குப் பெயர் வரும் இடத்தில் "அகாவுன் செஜாத்ரா, மாதப் பங்கில் 15 விழுக்காடு சேரும் கணக்கு" என்று நாலு சொல்லில் சொல்லிவிட்டுப் போங்கள். இந்தத் திருப்பிச் சொல்லல் வரிசையாகப் படிப்பவருக்கு இடைஞ்சல் ஆகாது, தனியாகப் படிப்பவருக்குக் கைகொடுக்கும்.

## 8. போனைக் கையில் கொடுத்துப் பாருங்கள்

முதலில் கேள்விகளை மட்டும், பதில் இல்லாமல், மேலிருந்து கீழ் படியுங்கள். ஒரு கேள்வியில் திடீரென்று புதிய பெயர் முளைத்தால் அந்த இடத்தில் வரிசை தவறு.

அப்புறம் இந்தத் தொகுப்பைப் பார்க்காத ஒருவரிடம் போனைக் கொடுங்கள். மூன்றாவது படியில் இணைத்து ஒதுக்கிய பழைய வரிகளிலிருந்து ஒன்றை எடுத்து, "அக்கா, இதுக்குப் பதில் எங்க இருக்கு பாருங்க" என்று கேளுங்கள். உதவி செய்யாமல் விரலைக் கவனியுங்கள். விரல் மேலும் கீழும் போய் வந்தால் குழுத் தலைப்பு சரியில்லை. சரியான கேள்வியைத் தாண்டிப் போனால் கேள்வியின் சொல் சரியில்லை, அவர் சொல்லும் சொல்லை அதில் வையுங்கள். பதிலைப் படித்துவிட்டு "அப்படின்னா எடுக்கலாமா, முடியாதா?" என்று கேட்டால் முதல் வரி சரியில்லை.

எங்கள் தொகுப்பில் "பகுதி மீட்பு" என்று எழுதிய கேள்விகளைப் பலர் தாண்டியே போனார்கள். "50 வயசுல எடுக்கலாமா", "வீடு வாங்க எடுக்கலாமா", "பிள்ளை படிப்புக்கு எடுக்கலாமா" என்று தனித்தனிக் கேள்விகளாக மாற்றியதும் விரல் அங்கே நின்றது. எண்ணிக்கை கூடியதே என்று கவலைப்பட வேண்டாம். சின்னச் சின்னக் கேள்விகள் பத்து இருந்தால் ஒரு பார்வையில் கடந்துவிடலாம், ஒரு நீண்ட பதிலை அப்படிக் கடக்க முடியாது.

## 9. மாறக்கூடிய எண்களைத் தனியே குறித்து வையுங்கள்

விழுக்காடு, 50 வெள்ளி வரம்பு, குறைந்தபட்சச் சம்பளம் ஆகியவை அரசு முடிவால் மாறுபவை. எந்தெந்தப் பதிலில் எந்த எண் இருக்கிறது என்று விரிதாளில் இன்னொரு பக்கத்தில் பட்டியல் போடுங்கள். 1,700 மாறினால் 40.80, 81.60, 408 எல்லாம் சேர்ந்து மாறும். ஒன்றை மட்டும் திருத்தினால் இரண்டு பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். அப்படி ஒருமுறை பார்த்தவர் மற்ற பதில்களையும் நம்ப மாட்டார். ஒவ்வொரு பதிலின் அடியிலும் சரிபார்த்த தேதியைச் சின்ன எழுத்தில் போடுங்கள்.

புதிய கேள்வி வந்தால் நேராகத் தொகுப்பின் கடைசியில் ஒட்டாதீர்கள். அது விரிதாளுக்குப் போகட்டும். பழைய பதில் ஒன்றில் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் பதில் எழுதி, முன்தேவை எண் போட்டு, அதற்குரிய இடத்தில் நுழைத்துவிடுங்கள். மாதம் ஒருமுறை இதற்கு உட்கார்ந்தால் போதும்.